மறியல் வழக்கும் பதினேழாம் கேள்வியும்

"நான் கையெழுத்துப் போட்ட ஃபாரத்தைத் திருப்பித் தாங்க, மேடம்."

எதைக் கேட்கவே கூடாது என்று தேவதாஸ் மாமா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாரோ, அதைத்தான் ஷாஜினி வாயைத் திறந்ததும் கேட்டாள். "உள்ள போன காயிதத்தத் திருப்பிக் கேட்டா சந்தேகம் வந்துரும் பிள்ளே. கேக்காண்டாம்." அப்படிச் சொன்ன மாமா இப்போது அவளுக்குப் பக்கத்து நாற்காலியிலேயே இருந்தார். அவர் முகம் வெளிறிப்போயிற்று.

வளைகுடாவில், அல் குசைஸ் என்ற இடத்தில் ஒரு சரக்குக் கம்பெனியின் ஆபீஸ் அது. மாமா அங்கே பதினோரு வருஷமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அவர் வார்த்தையை நம்பித்தான் விமான நிலையக் கிடங்கில் கணக்கு கிளார்க் வேலைக்கு அவளை எடுத்திருந்தார்கள். உள்ளே நுழைய பாஸ் வேண்டும், பாஸுக்கு இந்த ஃபாரம். இரண்டு மணிக்கு ஃபாரங்களின் கட்டு பாஸ் கொடுக்கும் இடத்துக்குப் போய்விடும். மணி ஒன்றே கால். அவளுடைய விசிட் விசா தீர இன்னும் ஆறு நாள்.

ஆள் சேர்க்கும் பிரிவில் இருந்த ஷியாமளா மேடம் சென்னைக்காரர். கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"எதுக்கும்மா?"

"பதினேழாவது கேள்வி. எந்த நாட்டுக் கோர்ட்டிலாவது தண்டனை வாங்கினது உண்டான்னு கேக்குது. டைப்பிங் சென்டர்க்காரன் எங்கிட்டக் கேக்காமலே எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னு அடிச்சுட்டான். நானும் வாசிக்காம கையெழுத்துப் போட்டேன். ராத்திரி ஜெராக்ஸைப் பாத்தப்பதான் தெரிஞ்சுது. உண்டு, மேடம்."

மாமா குறுக்கே பாய்ந்தார். "மேடம், அது ஒண்ணும் இல்ல. கடலரிப்புக்குக் கல்லு போடணும்னு ஊரே ரோட்டுல இருந்தது. முடிஞ்ச கேஸ்!"

"நீங்க சும்மா இருங்க. என்ன கேஸும்மா?"

"ரெண்டாயிரத்து மூணுல சாலை மறியல். அப்ப காலேஜ் ரெண்டாம் வருஷம். நாப்பத்திரண்டு பேர் மேல கேஸ். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கடலுக்குப் போக முடியாது. அதனால வக்கீல் சொன்னாரு, எல்லாரும் வரிசையா நின்னு குத்தத்தை ஒத்துக்கிட்டு அபராதம் கட்டிருங்க, அதோட தீந்துதுன்னு. கட்டினோம்."

ஷியாமளா பெருமூச்சு விட்டார். "போலீஸ் கேஸ் எழுதி விட்டுட்டாங்கன்னாலோ, கோர்ட்டு விடுதலை பண்ணியிருந்தாலோ நீ தாராளமா 'இல்லை'ன்னு போடலாம். இந்தக் கேள்வி தண்டனையைத்தான் கேக்குது. ஆனா ஒத்துக்கிட்டு அபராதம் கட்டினா அது தண்டனைதான். உங்க வக்கீல் அதைச் சொல்லலையா?"

"எங்களுக்குச் சொல்ல ஆரு இருந்தா? ஊருல மொதல்ல காலேஜ் போனவளே நான்தான்." சொல்லும்போதே எரிச்சல் பொங்கியது. நாற்பத்திரண்டு பேரும் ஒரு நாள் மீனை மிச்சம் பிடிக்கப் போய்க் குற்றவாளியாகத் திரும்பியிருந்தார்கள். அவளும் வரிசையில் நின்றுதான் தலையாட்டினாள்.

"மெதுவாப் பேசு," என்றார் ஷியாமளா. பிறகு குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு, சின்ன விஷயம். எதுவும் தெரியாத மாதிரி விட்டுரலாம். 'ஆம்'னு எழுதினா மேனேஜர் கையெழுத்து வேணும். அப்புறம் பாஸ் குடுக்கிறவங்க முடிவு. ஒரு மாசம்கூட ஆகும். கிடைக்காமலும் போகலாம்."

"நாளைக்கு கான்சுலேட்ல போலீஸ் சான்றிதழ் கேட்டா?"

"ஊர் ஸ்டேஷனுக்கு எழுதிக் கேப்பாங்க. பதிவு இருந்தா வரும்."

"அப்ப கேஸுக்காக இல்ல, பொய்க்காக வெளிய அனுப்புவீங்க. கீழ எழுதியிருக்கே: தவறான தகவல் எப்பத் தெரிஞ்சாலும் வேலை போகும்."

ஷியாமளா தலையசைத்தார்.

"ஏ பிள்ளே," மாமாவின் குரல் உடைந்தது. "எம் பேர வச்சுத்தான உன்ன எடுத்தாவ? ஆறு நாளு. டிக்கெட்டு போட்டு அனுப்பச் சொல்லுதியா? அரிச்சந்திரன் பேத்தியா நீ?"

"உங்க பேருக்காகவும்தான் மாமா. நாளைக்குப் பிடிபட்டா உங்களையும் சேத்துல்லா கேப்பாவ?"

மாமா கையைப் பிசைந்தார். சுவர்க் கடிகாரம் ஒன்றரையைத் தாண்டியது. ஷியாமளா ஃபாரக் கட்டிலிருந்து அவளுடையதை உருவி எடுத்தார். கூடவே ஒரு வெற்று ஃபாரத்தையும் மேசை மேல் வைத்தார். இரண்டையும் அருகருகே தள்ளினார்.

"எது கட்டுல போகணும்னு நீயே சொல்லு. நான் ஒண்ணும் பாக்கல."

ஷாஜினி வெற்று ஃபாரத்தை இழுத்துக்கொண்டாள். பதினேழில் 'ஆம்'. கீழிருந்த கட்டத்தில் நான்கே வரி: எந்த வருஷம், என்ன பிரிவு, எந்தக் கோர்ட், எவ்வளவு அபராதம். மன்னிப்பும் இல்லை, கதையும் இல்லை. ரசீது நகல் ஊரிலிருந்து ஃபேக்ஸில் வரும் என்றும் எழுதினாள். கையெழுத்துப் போட்டு ஷியாமளாவிடம் நீட்டினாள். பழையதை எடுத்து நெடுக்காகக் கிழித்து, துண்டுகளைக் கைப்பையில் திணித்தாள்.

"மேனேஜர் திட்டினா என்னைக் கூப்பிடுங்க, மேடம். நானே வந்து சொல்றேன்."

"பிள்ளே, நில்லு!" என்றார் மாமா.

நிற்கவில்லை. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலில் இறங்கினாள்.