எட்டாம் பக்கத்துக் கேள்வி

தனசேகரன் அந்த ஃபார்மை மூன்று தடவை திறந்து மூன்று தடவையும் மூடிவிட்டான். ஒன்பது பக்கம். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணில் ஆரம்பித்து, டிப்ளமோவில் எந்த செமஸ்டரில் எத்தனை, ஒவ்வொரு கம்பெனியிலும் சேர்ந்த மாதம், விட்ட மாதம், விட்ட காரணம், மேலதிகாரியின் பெயர் என்று போய்க்கொண்டே இருந்தது. அவ்வளவும் அவன் ரெஸ்யூமில் இருந்தது. அந்த ரெஸ்யூமை ருக்சார் மேடம் போன வாரமே கம்பெனிக்கு அனுப்பிவிட்டார்.

ருக்சார் அவனுக்கு வெறும் குரல்தான். சென்னையில் ஆள் எடுத்துக் கொடுக்கும் ஒரு ஏஜென்சியில் வேலை. ஒரகடத்தில் வாகன உதிரி பாகம் செய்கிற கம்பெனிக்கு குவாலிட்டி இன்ஸ்பெக்டர் தேடியபோது, தனசேகரனின் ரெஸ்யூமைப் பார்த்துக் கூப்பிட்டாள். ஆறு வருடம் அதே வேலை பார்த்தவன் அவன். லாக்டவுனில் அவன் இருந்த கம்பெனி ஆட்களைக் குறைத்ததும், மனைவி சந்தியாவோடு சொந்த ஊரான வடக்கனந்தலுக்கே வந்து அப்பாவின் கரும்புக் காட்டில் இறங்கிவிட்டான். வந்து பத்து மாதம் ஆகியிருந்தது.

வரப்பில் நின்று போன் போட்டான். கல்வராயன் மலைப் பக்கம் திரும்பி நின்றால் சிக்னல் போய்விடும். ரோட்டைப் பார்த்து நின்றான்.

"மேடம், ஒரு சந்தேகம். ரெஸ்யூம் ஏற்கெனவே குடுத்துட்டோமே. இந்த ஃபார்மை விட்டுடலாமா? எல்லாம் அதே டீட்டெயில்தானே."

"நிறைய பேர் கேக்குறதுதான் சார். மேனேஜர் உங்க ரெஸ்யூமைப் பார்த்துட்டாரு, அவருக்குப் புடிச்சிருக்கு. ஆனா ஃபார்ம் போட்டாத்தான் உங்க பேருக்கு ஒரு அப்ளிகேஷன் நம்பர் வரும். அது இல்லாம ஹெச்.ஆர். இன்டர்வியூ டைம் போட மாட்டாங்க."

"கொஞ்சமாச்சும் கொறைக்க முடியாதா?"

"கேட்டுச் சொல்றேன். நீங்களா கம்பெனி வெப்சைட்ல போய்ப் போட்டுடாதீங்க. நான் அனுப்புன லிங்க்லதான் போடணும். ரெண்டு வழியா ஒரே பேரு போனா குழப்பம் ஆயிடும், ரெண்டையும் நிறுத்தி வெச்சுடுவாங்க."

மாலையில் அவளே கூப்பிட்டாள். மதிப்பெண் விவரம், பழைய சம்பளச் சீட்டு, சிபாரிசு செய்கிறவர்களின் பெயர் எல்லாம் இன்டர்வியூவுக்குப் பிறகு கொடுத்தால் போதுமாம். ஆனால் எட்டாவது, ஒன்பதாவது பக்கங்களை விட முடியாது. எட்டாவதில் உறுதிமொழி. ஒன்பதாவதில், சொன்னதெல்லாம் சரிதானா என்று விசாரிக்கச் சம்மதம்.

தனசேகரனுக்குச் சிக்கலே அந்த எட்டாம் பக்கம்தான். மற்ற எட்டுப் பக்கத்தையும் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவான்.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"போன்ல அந்த ஃபார்ம் பாதியிலயே நின்னுடுது மேடம். அதான்..." என்றான். வாய்க்கு வந்த பொய்.

"வடக்கனந்தல்னுதானே அட்ரஸ் போட்டிருக்கீங்க?" குரல் சட்டென்று மாறியது. "நான் கள்ளக்குறிச்சிதாங்க. லாக்டவுன்லேர்ந்து வூட்ல இருந்துதான் வேலை. கடைவீதியில எங்க அத்தா பாத்திரக்கடை இருக்கு, தஸ்தகீர் பாய் கடைன்னா யாரும் காட்டுவாங்க. நாளைக்கு வாங்க, லேப்டாப்ல போட்டுடலாம். வெள்ளிக்கிழமை இன்டர்வியூ வெக்கலாம்னு மேனேஜர் சொல்லிக்கினு இருக்காரு."

அன்று சாப்பிடும்போது சந்தியா கேட்டாள். "இன்னா அந்த ஃபார்ம்ல அப்பிடி?"

"கேஸ் இருக்குதான்னு கேட்டிருக்கான்."

அவளுக்கு வேறெதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பொங்கல் கழிந்த இரண்டாம் வாரம், இட ஒதுக்கீடு கேட்டு நடந்த மறியலுக்கு ஊரிலிருந்து வேன் போனபோது அவள்தான் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தாள். நாலு மார்க்கில் அரசு பாலிடெக்னிக் சீட் கை நழுவிப் போய், கடன் வாங்கித் தனியாரில் படித்தவன் அவன். யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. தானாகத்தான் போனான். சேலம் ரோட்டில் உட்கார்ந்தார்கள். போலீஸ் அள்ளிக்கொண்டு போய்க் கல்யாண மண்டபத்தில் வைத்து, பேர் எழுதி, கையெழுத்து வாங்கி, சாயங்காலம் விட்டுவிட்டது.

"இல்லன்னு போடு" என்றார் அப்பா பிச்சைமுத்து. "சாயங்காலமே வுட்டுட்டானுவ. கேட்ட ஒதுக்கீட்டுக்குச் சட்டமே போட்டாச்சு. இன்னும் இன்னா கேசு?"

சந்தியா ரசம் ஊற்றினாள்.

மறுநாள் கடைக்குப் போனான். அடுக்கி வைத்த குடங்களுக்கும் அண்டாக்களுக்கும் பின்னால், ஒரு மேசை போடும் அளவு இடத்தில் ருக்சார் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. போனில் கேட்ட குரலுக்கு அவன் ஒரு நாற்பது வயதுப் பெண்ணை நினைத்து வைத்திருந்தான். அவள் அப்பா தஸ்தகீர் பாய் டீ சொல்லி அனுப்பினார்.

"நான் டைப் பண்ணக் கூடாதுங்க. உங்க ஃபார்ம், நீங்கதான் போடணும். புரியலன்னா கேளுங்க" என்று லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள்.

முதல் ஏழு பக்கமும் ஓடிவிட்டது. பத்து மாத இடைவெளிக்கு என்ன எழுதுவது என்று கேட்டான். "லாக்டவுன்ல ஆளைக் கொறச்சாங்க, விவசாயம் பார்த்தேன். நடந்ததையே போடுங்க. இந்த வருஷம் அதை யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க" என்றாள்.

எட்டாம் பக்கம் வந்தது. உங்கள் மீது குற்ற வழக்கு ஏதேனும் நிலுவையில் உள்ளதா, அல்லது தண்டனை பெற்றிருக்கிறீர்களா? ஆம். இல்லை. இரண்டு சின்ன வட்டங்கள்.

அவன் கை நின்றது. ருக்சார் திரையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"இதுக்குத்தான் விட்டுடலாமான்னு கேட்டீங்களா?"

"தண்டனை ஒண்ணும் இல்லீங்க. ஜனவரியில மறியலுக்குப் போனேன். மண்டபத்துல வெச்சிருந்துட்டு வுட்டுட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு காயிதம் வரல. இல்லன்னு போட்டா இன்னா ஆவும்?"

கடை முன்னால் பாத்திரம் எடை போட்டுக்கொண்டிருந்த தஸ்தகீர் பாய் திரும்பினார். "அன்னிக்கா? நான் சின்னசேலம் போய்ட்டு வந்துக்கினு இருந்தேன் தம்பி. மூணு மணி நேரம் பஸ்ல. சுகர் மாத்திரை கைல இல்ல, வேர்த்துக் கொட்டிடுச்சு."

தனசேகரனுக்கு முகம் சுண்டிப்போனது. "தெரியாது பாய்."

"உனுக்கு எப்பிடித் தெரியும்? உங்க ஆளு ஒருத்தர்தான் பஸ்ல ஏறி தண்ணி குடுத்தாரு, வாழப்பழம் குடுத்தாரு. கோவம் இருந்துச்சு. இப்ப இல்ல. டீயைக் குடி, ஆறுது."

ருக்சார் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்தாள். "பாருங்க, இதுல ரெண்டு கேள்வி இருக்கு. தண்டனையான்னு ஒண்ணு, நிலுவையான்னு ஒண்ணு. ஆள் எடுத்ததும் வெளி ஏஜென்சி ஒண்ணு விசாரிக்கும். கோர்ட்டு ரெக்கார்டும் பார்ப்பாங்க. அதுல வந்து, நீங்க இல்லன்னு போட்டிருந்தா, சேர்ந்த அப்புறமும் அனுப்பிடலாம். கேஸுக்காக இல்ல, மறைச்சதுக்காக. அதே, ஆமான்னு போட்டு விவரம் எழுதுனா, ஹெச்.ஆர். படிச்சுப் பார்த்து முடிவு பண்ணுவாங்க."

"எடுப்பாங்களா?"

"தெரியாதுங்க. எடுப்பாங்கன்னு நான் சொன்னா அது பொய்."

அந்தப் பதில் அவனுக்குக் கசந்தாலும், அவளை நம்பலாம் என்று அப்போதுதான் தோன்றியது.

"மொதல்ல கேஸ் இருக்கான்னே உங்களுக்குத் தெரியல. போய்க் கேட்டுட்டு வாங்க. அதுவரைக்கும் இது சேவ் ஆகியிருக்கும்."

அங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான். ரைட்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார். "நீங்களா வந்து கேஸ் இருக்கான்னு கேக்குறீங்களா? இங்க வர்றவனெல்லாம் இல்லன்னு சொல்லத்தான் வருவான்." தேடி எடுத்தார். நாற்பத்து மூன்று பேர் மேல் எஃப்.ஐ.ஆர். சட்டவிரோதமாகக் கூடியது, வழியை மறித்தது. பத்தொன்பதாவது பெயர், பிச்சைமுத்து மகன் தனசேகரன். குற்றப்பத்திரிகை இன்னும் போடவில்லை. நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

பெயரை அச்சில் பார்த்ததும் அவனுக்கு பயம் வரவில்லை. அதுவே அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. உட்கார்ந்தேன், எழுதியிருக்கிறார்கள். பொய் ஒன்றும் இல்லையே என்று நினைத்துக்கொண்டு கடைவீதிக்கு நடந்தான்.

'ஆம்' என்ற வட்டத்தை அழுத்தினான். கீழே கட்டம் விரிந்தது. முதலில் எழுதியது நீளமாகப் போயிற்று. நாலு மார்க்கில் சீட் போனதிலிருந்து எல்லாம் வந்துவிட்டது. ருக்சார் படித்தாள். "இதெல்லாம் நியாயம்தான். ஆனா இங்க அவங்களுக்கு வேணுங்கிறது என்ன நடந்துச்சு, எப்போ, இப்ப எந்த நிலைமைன்னுதான்" என்றாள். அவன் அழித்துவிட்டு நாலு வரியில் முடித்தான். இட ஒதுக்கீடு கோரிய மறியலில் கலந்துகொண்டேன். வன்முறை இல்லை. எஃப்.ஐ.ஆர். எண் இது. குற்றப்பத்திரிகை இன்னும் தாக்கலாகவில்லை. ஒன்பதாம் பக்கத்தில் சம்மதம் கொடுத்து அனுப்பினான். அப்ளிகேஷன் நம்பர் வந்தது.

வெள்ளிக்கிழமை இன்டர்வியூ நடக்கவில்லை. "ஹெச்.ஆர்.ல உங்க ஃபார்மை லீகல் டிபார்ட்மென்டுக்கு அனுப்பியிருக்காங்க" என்றாள் ருக்சார். திங்களும் போயிற்று. அப்பா, "நான் அப்பவே சொன்னேன்" என்று ஒரு தடவைதான் சொன்னார். அந்த ஒரு தடவையே போதுமானதாக இருந்தது. புதன்கிழமை ருக்சார் கூப்பிட்டு, இன்னொருவரையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், மறைக்காமல் சொல்கிறேன் என்றாள். தான் மேனேஜரிடமே பேசி, இவர் தானாகப் போய் ஸ்டேஷனில் விசாரித்து எழுதியவர் என்று சொன்னதையும் சொன்னாள். அவன் வரப்பில் உட்கார்ந்துவிட்டான். ஒரு பொய் வட்டம் அழுத்தியிருந்தால் வெள்ளியே முடிந்திருக்கும் என்ற எண்ணம் அன்று முழுக்க அவனை விடவில்லை.

சனிக்கிழமை வீடியோவில் கூப்பிட்டார்கள். மேனேஜர் முக்கால் மணி நேரம் அளவுக் கருவிகளைப் பற்றியும், ஒரு பாகம் திரும்பத் திரும்பப் பழுதாகி வந்தால் எங்கிருந்து தேடுவாய் என்றும் கேட்டார். அதில் தனசேகரனுக்குத் தடுமாற்றம் இல்லை. கடைசியில் ஹெச்.ஆர். அம்மா கேட்டார். "எட்டாம் பக்கத்துல எழுதியிருக்கீங்களே, மறுபடி அப்படி ஒரு போராட்டம் வந்தா போவீங்களா?"

அவன் யோசித்தான். போக மாட்டேன் என்று சொன்னால் எளிது.

"போகணும்னு தோணுச்சுன்னா லீவு போட்டுட்டுப் போவேன் மேடம். ஆனா பஸ்ஸை மறிச்சு உக்கார மாட்டேன். அன்னிக்கு பஸ்ல ஒரு பெரியவருக்கு மாத்திரை இல்லாமப் போச்சு. எனக்கு அது பின்னாடிதான் தெரிஞ்சுது."

அந்த அம்மா எதையோ எழுதிக்கொண்டார். முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை ருக்சாரின் குரல் போனில் கொஞ்சம் ஓடி வந்தது. வேலை கிடைத்துவிட்டது. கேட்ட சம்பளத்தைவிடக் கம்மி. விசாரணை முடிவுக்கு உட்பட்டது என்று கடிதத்தில் ஒரு வரி இருக்கும். கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தால் கம்பெனிக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும்.

"சரின்னு சொல்லிடட்டா?"

"சொல்லிடுங்க" என்றான். "ரொம்ப நன்றிங்க. அத்தாகிட்டயும் சொல்லுங்க."

சந்தியாவிடம் சொன்னபோது அவள் அடுப்பை அணைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். புகையா அழுகையா என்று அவன் கேட்கவில்லை. அப்பாவைத் தேடிக் காட்டுக்குப் போனான். அவர் மடை திருப்பிக்கொண்டிருந்தார்.

"கெடச்சுடுச்சுப்பா. கேஸ் இருக்குன்னு எழுதித்தான்."

பிச்சைமுத்து மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

"எப்பக் கெளம்புற?"

"ஒண்ணாந்தேதி."

"சர்க்கரை ஆலையிலேர்ந்து கரும்பு வெட்டு ஆர்டர் இருவத்தஞ்சுக்கு வருதாம். வெட்டி ஏத்திவுட்டுட்டுப் போ" என்று சொல்லி, அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பினார்.