ஆயுத பூஜைக்குப் போன கழுத்துப்பட்டைகள்

என் புருஷன் தினேஷ் தொழில் பக்தி உள்ளவன். அந்தப் பக்திதான் அன்றைக்கு என் உயிரை வாங்கியது.

காக்ஸ் டவுனில் எங்கள் வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் நாய்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்கிறோம். தொடங்கி நாலு மாதம். தசரா லீவுக்கு ஊரே கிளம்பும். நாயை எங்கே விடுவது? அப்படித்தான் ஆறு நாய்கள் வந்தன. அதில் இரண்டு கறுப்பு லேப்ரடார், இரண்டும் பெண், இரண்டுக்கும் மூன்று வயசு. ரிச்சர்ட்ஸ் டவுன் ஜெயலட்சுமி மேடத்தின் மிளகு, தொம்மலூர் வீணாவின் ஜூனோ. மிளகுக்கு வலிப்பு. காலை எட்டு, இரவு எட்டு, மாத்திரை தவறக்கூடாது.

நான் பௌத்தக் குடும்பத்துப் பெண், எனக்கு ஆயுத பூஜை பழக்கமில்லை. தினேஷுக்கு அது இல்லாமல் முடியாது. பூஜையன்று காலையில் நான் கோழிக்கறி வாங்க சிவாஜிநகர் போன நேரத்தில் எல்லா நாய்களையும் குளிப்பாட்டி, முடி வெட்டும் மெஷின், சீப்பு, டிரையரோடு ஆறு கழுத்துப்பட்டைகளையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து சாமி படத்துக்கு முன்னால் அடுக்கிவிட்டான்.

இரவு ஏழரைக்கு மாத்திரையை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு கறுப்பு நாய்கள் வெறுங்கழுத்தோடு வாலாட்டின.

"தினேஷ்! இதுல மிளகு எது?"

அவன் இரண்டையும் பார்த்தான். திரும்பவும் பார்த்தான். "இது... இல்ல இல்ல, அது."

"இன்னா வெளையாடறியா?"

"மிளகு!" என்று கூப்பிட்டேன். இரண்டும் வந்தன. "ஜூனோ!" அதற்கும் இரண்டும் வந்தன. ஜெயலட்சுமி மேடம் வீட்டில் தயிர்சாதம்தான் என்று நினைவு வந்தது. வைத்துப் பார்த்தேன். இரண்டு தட்டும் பளபளவென்று காலி. சனியன்களா, ஒருத்திக்காவது கொஞ்சம் பிகு இருக்கக்கூடாதா?

நாய்களைச் சேர்க்கும்போது நிரப்பிய படிவத்தை எடுத்தேன். 'அடையாளம்' என்ற கட்டத்தில் இரண்டுக்கும் என் கையெழுத்திலேயே 'கறுப்பு லேப்ரடார்' என்று இருந்தது. தினேஷைத் திட்ட வைத்திருந்ததை விட்டுவிட்டுப் படிவத்தை மூடினேன்.

நாய்களைப் பார்க்கும் டாக்டர் மமதாவுக்குப் போன் போட்டேன். "குத்துமதிப்பா கொடுக்க பேடா, வேண்டாம். தோலுக்கடியில அடையாளச் சிப் இருக்கா?" என்றார். இரண்டுக்கும் இல்லை. "அப்போ ஓனருக்குப் போன் பண்ணுங்க, ஈகலே, இப்பவே."

"வேணாம்டி," என்றான் தினேஷ். "அந்தம்மா அவங்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டா நம்ம கதை முடிஞ்சுது. ஒரு வேளை மாத்திரைதான, உட்டுடு."

"வலிப்பு வந்தா நீ தாங்குவியா?"

ஜெயலட்சுமி மேடத்தை வீடியோவில் கூப்பிட்டேன். குடும்பத்தோடு கொடைக்கானலில் இருந்தார். விஷயத்தைச் சொல்லி, கேமராவை இரண்டு மூஞ்சிகளுக்கும் காட்டினேன். மேடம் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு அழுகிற குரலில், "ஐயோ, எனக்கும் தெரியலையே சங்கமித்ரா" என்றார். பெற்ற மாதிரி வளர்த்தவருக்கே தெரியவில்லை என்றால் நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

"இருங்க இருங்க," என்றார் திடீரென்று. "இடது பக்கம் கீழ் உதட்டைத் தூக்குங்க. உள்ளே ரோஸ் கலர்ல ஒரு திட்டு இருக்கும். டெய்லி மாத்திரை போடறப்ப பாப்பேன்."

முதல் நாய்க்கு உள்ளே முழுக்கக் கறுப்பு. இரண்டாவதற்கு, கட்டைவிரல் நகம் அளவுக்கு ரோஸ். அதைக் கட்டிக்கொண்டேன். எட்டடிக்க இரண்டு நிமிஷம் இருக்கையில் மாத்திரை உள்ளே போனது.

"காலையில யாருக்குக் கொடுத்தீங்க?" என்றார் மேடம்.

நான் தினேஷைப் பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்தான். "குளிப்பாட்டின பெறகுதான்... கூப்பிட்டேன், ஒண்ணு வந்துச்சு, கொடுத்தேன்."

"தெரியலை மேடம்," என்றேன். சொல்லிவிட்டேன். "பார்த்துக்கங்க. நாளைக்கே கிளம்பி வரேன்" என்று மேடம் போனை வைத்துவிட்டார்.

மறுபடி டாக்டர். காலையில் விட்டதற்குச் சேர்த்து இரண்டாகக் கொடுக்க வேண்டாம், இரண்டையும் இப்போதே கிளினிக்குக் கொண்டுவாருங்கள், மற்ற நாய் அந்த மாத்திரையைச் சாப்பிட்டிருந்தால் தூக்கம், தள்ளாட்டம் இருக்கலாம், அதன் ஓனருக்கும் சொல்லிவிடுங்கள் என்றார்.

"வீணாவுக்கு எதுக்கு?" என்றான் தினேஷ். "அதுக்குத்தான் ஒண்ணும் ஆகலையே. ஒரு கஸ்டமர் போனது போதாதா?"

நியாயமாகத்தான் பட்டது. அதனாலேயே பயமாக இருந்தது. நம்பரைப் போட்டேன்.

வீணா முழுவதும் கேட்டாள், கத்தவில்லை. "ஓகே. இப்போ எப்படி இருக்கா?"

"நல்லாத்தான் நிக்கிறா மேடம். என் கால் பக்கத்துலதான் இருக்கா."

"அது ஜூனோதானே?"

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு குனிந்து, காலடியில் நின்ற நாயின் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன்.