டார்சியின் இருநூறு கிலோ

டார்சி லாரியிலிருந்து குதித்துத்தான் இறங்குவான். ஆஸ்திரேலியாவில், போர்ட் அகஸ்டாவிலிருந்து பெர்த்துக்கு இரண்டு பெட்டி கோத்த லாரி ஓட்டுகிறவன். வீடு திரும்பிய அன்றே என் கொட்டகை ஜிம்முக்கு வந்து, தரையிலிருந்து கனத்த எடையை இழுப்பான். வழியெல்லாம் சும்மாதானே உட்கார்ந்திருந்தேன், உடம்பு ஓய்வாகத்தான் இருக்கிறது என்பான். நானும் லாரி ஓட்டி முதுகைக் கெடுத்துக்கொண்டவள் என்பதால், இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன குளிர்காலத்தில் அவன் முதுகு பிடித்துக்கொண்டது. இன்னொரு முறை இப்படியானால் லாரி ஓட்டத் தகுதிச் சான்று தரமாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவனுக்கு வேறு வேலை தெரியாது.

அதன்பின் நான் போட்டுத் தந்த திட்டம்தான் அவனுக்குச் சட்டம். வண்டியை நிறுத்தும் ஒவ்வொரு இடைவேளையிலும் சுற்றி நடக்க வேண்டும். ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி இடுப்பின் முன்பக்கத்தை இழுத்துவிட வேண்டும். வீடு வந்த நாளில் நடையும் லேசான பயிற்சியும் மட்டும். நன்றாகத் தூங்கி எழுந்து, உடம்பு இளகிய பிறகு, மறுநாள்தான் கனத்த எடை. லாரிச் சரக்குக்குச் சங்கிலி கட்டித் தார்ப்பாய் இழுத்த வாரத்தில் அதிலும் குறைக்க வேண்டும், ஏனென்றால் அதுவும் தூக்கும் வேலைதான். முணுமுணுத்தாலும் செய்தான். வசந்தம் வந்தபோது நூற்றுத் தொண்ணூறு கிலோ அவன் கைக்குச் சுலபமாக வந்தது.

வட்டார எடை தூக்கும் போட்டியில் இருநூறு இழுப்பது அவன் ஆசை. போட்டி சனிக்கிழமை, வியாழனே வந்துவிடுவதாக ஏற்பாடு. மழையில் நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். சனிக்கிழமை காலை, பெயர் கூப்பிடும் நேரத்தில், கண் சிவக்க மண்டபத்துக்குள் வந்தான்.

தூக்கியே தீருவான் என்று நினைத்து, திட்டுவதற்கு மூச்சை இழுத்தேன்.

"நோரீன், என் பேரை எடுத்துடச் சொல்லு," என்றான்.

"நிஜமாவா சொல்ற?"

"இப்பதான் இறங்கியிருக்கேன். இன்னைக்கு நடைதானே?"

மேடையைப் பார்க்காமல் வெளியே போனான். எனக்கு அழுகை வந்தது. அவனைத் திட்ட வைத்திருந்த கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல், பெயர் கூப்பிடுகிறவனிடம் வள்ளென்று விழுந்தேன்.

ஞாயிறு பிற்பகல் கொட்டகைக்கு வந்தான். நடந்தான், உடம்பைச் சூடேற்றினான், எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினான். நான் ஒருத்திதான் பார்த்தேன். கம்பி தரையை விட்டுக் கிளம்பியது, முழங்காலில் ஒரு கணம் தயங்கியது, பிறகு மேலே வந்து நின்றது. இருநூறு.

"யாருமே பாக்கலையே," என்றேன்.

"நீ பாத்தேல்ல, கெட்டுப்போன உன் முதுகும் பாத்துச்சுல்ல, அது போதும்."

அடுத்த பயணத்துக்குக் கிளம்பும் முன், சக்கரத்தைத் தட்டிப் பார்க்க ஒருமுறை கீழே இறங்க வேண்டியிருந்தது. லாரியைப் பார்த்துத் திரும்பி, கைப்பிடியைப் பிடித்து, குதிக்காமல், ஒவ்வொரு படியாக இறங்கினான்.