நாலு கூடைச் சாணம்

கல்யாணமாகி வந்ததிலிருந்து விறகடுப்புப் புகையில் இருமிக்கொண்டிருந்தவள்தான், சாண எரிவாயுக் கலம் கட்டியே ஆகணுமென்று ஒற்றைக் காலில் நின்றாள். கட்ட வந்த மேஸ்திரி தொழுவத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"அஞ்சு மாடு, கட்டிப்போட்டுத் தீனி. மாட்டுக்குப் பத்துக் கிலோன்னா அம்பது கிலோ சாணம். கிலோவுக்கு நாப்பது லிட்டர் வாயு, மொத்தம் ரெண்டாயிரம். ஆறு பேர் சமையலுக்கு ஆயிரத்து ஐந்நூறு போதும்மா. நாலு கூடைச் சாணத்துக்கு நாலு குடம் தண்ணி, மறந்துடாதே. வெளியே வர்ற கரைசல் வயலுக்கு உரம்."

சொன்னபடியே நடந்தது. காலையில் கலத்தின் இரும்பு மூடி வாயு நிறைந்து மேலே எழும்பி நிற்கும். அடுப்பு நீலமாய் எரியும். அவள் இருமல் போன இடம் தெரியவில்லை.

கெடுத்தது அவள் வீட்டுக்காரன். ஆள் நல்லவன்தான், ஆனால் மண்டைக்குள் ஒன்று புகுந்துவிட்டால் லேசில் வெளியே வராது. வாயுவை உறிஞ்சின பிறகு அந்தக் கரைசலில் என்ன மண்ணாங்கட்டிச் சத்து இருக்கும், வெறும் சக்கை என்று அவனுக்கு ஒரு நினைப்பு. கத்தரித் தோட்டத்துக்குப் பச்சைச் சாணம்தான் வேணும். தொழுவத்துச் சாணத்தை அள்ளிக் கலத்தின் கலக்கும் தொட்டியில் போடுவது அவன் வேலை. அவள் பால் கறந்துவிட்டு வந்து தண்ணீர் ஊற்றிக் கலக்குவாள். அவள் வருவதற்குள் இரண்டு கூடையைத் தொட்டியில் போட்டான், இரண்டைத் தோட்டத்துக்குக் கடத்தினான். கேட்டால் சண்டை வரும், எதுக்கு வம்பு என்று வாயே திறக்கவில்லை.

மூடி பாதிக்கு மேல் எழும்பவில்லை. மதியச் சோறு வேகும்போதே அடுப்பு பொசுக்கென்று அணைந்தது. ராத்திரிச் சமையல் மறுபடி விறகில். இருமலும் திரும்பி வந்தது.

"வாயுவை வாரி இறைச்சா எங்கேருந்து வரும்? எதுக்கெடுத்தாலும் அடுப்பைப் பத்தவச்சா?" என்று அவன் அக்கா போகும்போதும் வரும்போதும் ஒரு குத்து வைப்பாள். அவன் காதிலும் அது விழும். கேட்டுக்கொண்டே சோற்றை விழுங்கினான், பாவி.

கடைசியில் மேஸ்திரியை வரவழைத்தார்கள். குழாய் மூட்டெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். ஒரு குமிழி கிளம்பவில்லை. தொட்டிக் கரைசலைக் கையில் அள்ளினார். மோராய் ஒழுகியது.

"நாலு கூடை சாணம்தானே போடறீங்க?" என்று அவனைப் பார்த்துக் கேட்டார்.

அக்கா நின்றிருந்தாள், அப்பா நின்றிருந்தார், பிள்ளைகள் வேறு. "ஆமா" என்றான்.

"அப்ப தண்ணிதான் ஜாஸ்தி. என்னம்மா நீ, குடம் குடமா கவுத்துடறியா? இனிமே ரெண்டு குடம் ஊத்து, பார்ப்போம்."

"நீங்க சொன்ன நாலு குடம்தான்..." என்று ஆரம்பித்தவள், எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு, "எண்ணிக்கை தப்பிடுச்சோ என்னமோ" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

மேஸ்திரியை வழியனுப்பப் போனவன், போகிற போக்கில் கேட்பதுபோல், கரைசலில் சத்து இருக்குமா என்று கேட்டான். "வாயுவா போறது கரிச்சத்துய்யா. பயிருக்கு வேண்டிய தழைச்சத்து அப்படியே கரைசல்லதான் நிக்குது. பச்சைச் சாணத்தைப் போட்டாத்தான் புழு வைக்கும், வேர் வெந்துபோகும்." அவன் கத்தரிக்கு இரண்டுமே வந்திருந்தது. அட மடையா, அட மடையா என்று தன்னையே திட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

மறுநாளிலிருந்து நாலு கூடையும் தொட்டிக்கே போனது. ஆனால் அவள் ஊற்றப்போவது இரண்டு குடம். நாலு கூடைக்கு அது சேறாய்க் கட்டிக் குழாயை அடைத்துவிடும். ஒரு வார்த்தை உண்மையைச் சொன்னால் தீர்ந்தது. அந்த வார்த்தைதான் வரவில்லை. அவள் பால் கறந்து முடிப்பதற்குள் இரண்டு குடம் தண்ணீரை அவனே ஊற்றிவைத்தான்.

"சும்மா கொஞ்சம் தண்ணி தெளிச்சு ஊறப்போட்டிருக்கேன், உனக்குக் கை வலிக்காம கலக்கலாம்" என்றான். அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. மேலே இரண்டு குடம், ஒரு சொட்டுக் கூடாமல் அளந்து ஊற்றினாள்.

வாயு ஒரே நாளில் கூடிவிடுமா என்ன? வாரங்கள் போகப்போக மூடி கொஞ்சம் கொஞ்சமாய் ஏறி, பழையபடி முழுசாய் நின்றது. "பார்த்தியா, தண்ணியைக் குறைச்சதும் சரியாயிடுச்சு. இத்தனை மாசம் வீட்டையே புகைய விட்டுட்டாளே!" என்றாள் அக்கா.

அன்றைக்கு இரண்டு வேளைச் சோறும் நீல அடுப்பில் வெந்தது. தட்டை வைத்துவிட்டு அவள் அவனருகில் உட்கார்ந்தாள்.

"நான்தான் கண்ணு தெரியாம தண்ணியைக் கொட்டிக் கெடுத்துட்டேன். பிள்ளைங்க புகையில உக்காந்து படிச்சதை நினைச்சா வயிறு எரியுதுங்க. அக்கா அத்தனை பேசினாங்க, நீங்க ஒரு வார்த்தை திட்டலையே."

சொல்லிவிட வேண்டியதுதான் என்று வாயைத் திறந்தான்.

"பரவாயில்ல விடு" என்றுதான் வந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்களுக்குப் பெரிய மனசுங்க" என்று இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள்.