நீல சோடா பாட்டிலின் வயது

நீல பாட்டிலின் அடி நூறு வருடம் உழைத்ததுபோல் தேய்ந்திருந்தது. ஆனாலும் மருந்துக்கடைக்காரருக்கு ஏதோ உறுத்தியது. எது என்றுதான் பிடிபடவில்லை.

பழம்பொருள் சந்தை நடந்த மண்டபத்தில், வியாபாரியின் மேசைக்கு முன்னால் மனைவியோடு வெகுநேரமாக நின்றிருந்தார். கோலி சோடா பாட்டிலில் ஆழ்ந்த நீலம் அரிது, சேகரிப்பவர்கள் அடித்துக்கொள்வார்கள். மாற்றாக வியாபாரி கேட்டது அவருடைய வெளிர்பச்சை பாட்டிலை. அந்த நிறம் எங்கும் கிடைக்கும். ஆனால் அதில் புடைத்து நின்ற பெயர், தொடங்கிய வேகத்திலேயே மூடப்பட்ட ஒரு சோடா கம்பெனியுடையது. அந்தப் பெயரில் இன்னொன்று இருப்பதாக யாரும் சொல்லி அவர் கேட்டதில்லை.

"இந்தப் பச்சையெல்லாம் குப்பையில கிடக்கும் சார். உங்க முகத்துக்காக வாங்கிக்கிறேன்" என்றார் வியாபாரி. சொல்லும்போதே அதைத் தன் பக்கம் நகர்த்திவிட்டிருந்தார்.

"அவ்வளவு இரக்கம்னா நீலத்தைச் சும்மாவே குடுத்துடுங்களேன்" என்றாள் மனைவி.

"அம்மாவுக்கு எப்பவும் தமாஷ்தான். சார், வாயைப் பாருங்க. அச்சுக்கோடு கழுத்தோட நின்னுடுச்சு. கையால முடிச்ச வாய். பழசு இல்லாம என்ன?"

அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் விழுவது அந்தக் கோடு. வாயைத் தனியாக உருக்கி முடித்தால் அங்கே அழிந்துவிடும். சாதாரண பாட்டிலுக்கு அது நல்ல சாட்சி. ஆனால் இந்த வகையில் கோலியை உள்ளே போட்ட பிறகுதான் வாயைக் குறுக்க முடியும். போன மாதம் செய்த பாட்டிலிலும் கோடு அப்படித்தான் நிற்கும்.

"கல்யாணத்துக்கு முன்னாடி என்னை இவ்வளவு நேரம் ஆராய்ஞ்சிருந்தா, ரெண்டு பேருமே தப்பிச்சிருப்போம்" என்றாள் மனைவி.

"யோசிங்க சார். இன்னொருத்தரும் கேட்டிருக்கார்."

இந்த இன்னொருத்தர் வியாபாரியின் எல்லா விற்பனையிலும் தலைகாட்டுவார். ஆளை யாரும் பார்த்ததில்லை.

மருந்துக்கடைக்காரர் நீல பாட்டிலைச் சாய்த்தார். கோலி உருண்டு, கழுத்தின் உள்மடிப்பில் முட்டி நின்றது. நிமிர்த்தினார். மறுபடி சாய்த்தார். பிறகு வியாபாரியின் டார்ச்சையே வாங்கி அந்தக் கழுத்துக்குள் அடித்தார். அடுத்து பச்சையின் கழுத்துக்குள்ளும் அடித்துப் பார்த்தார். பச்சையை எடுத்துத் துணியில் சுற்றினார்.

"என்ன சார், திடீர்னு?"

"அந்த இன்னொருத்தருக்கே குடுத்துடுங்க. பாவம், ரொம்ப நாளா அலையறார்."

வெளியே வந்ததும் மனைவி கேட்டாள்: "அடிதான் அப்படித் தேய்ஞ்சிருந்ததே?"

"அடியை உப்புத்தாள் வச்சு யார் வேணும்னாலும் தேய்ச்சிடலாம். கழுத்துக்குள்ள விரல் போகாது; அங்க தேய்க்கிறது கோலி ஒண்ணுதான். வருஷக்கணக்கா உருண்டு முட்டினா உட்புறம் கீறல் விழுந்து மங்கிடும். நம்மளது மங்கியிருக்கு. அவரோடது பளபளன்னு இருக்கு. அதனால அது புதுசு."