கதவை அடைத்த தங்கம்

உலகப் போர் முடிந்து இரண்டாவது வருஷத்துச் சாரல் காலம். வெளிநாட்டுத் தங்கம் அனுமதியில்லாமல் உள்ளே வரக்கூடாது என்று டில்லி சர்க்கார் உத்தரவு போட்டிருந்தது. தென்காசி நகைக்கடைக்காரர்கள் குற்றாலத்தில் ஒரு விடுதியில் கூடினார்கள். தடையை நீக்கக் கோரும் மனு தயாராக இருந்தது. ஆவணிக் கல்யாணங்களுக்கு ஆர்டர் பிடித்து வைத்திருந்த சுந்தரபாண்டியன்தான் முதலில் கையெழுத்துப் போட்டான்.

மனு கிதிர் முகம்மதிடம் போயிற்று. ஊரிலேயே பெரிய கடை அவருடையது; தடையால் அதிகம் அடிபட்டவரும் அவர்தான். அவர் பேனாவைத் தொடவில்லை.

"நான் போடலே."

இன்னொரு கடைக்காரரான கைலாசம் கொதித்தார். "நாலு பவுன் தாலிக்கு வாங்குனா தேசம் முழுகிருமா வே?"

"ஒரு வீட்டுக்கு நாலு பவுன். தேசம் பூரா எத்தனை வீடு? தேயிலையும் சணலும் வித்துத்தான் வெளிநாட்டுப் பணம் வருது. விக்கிறதைவிட வாங்குறது ஏற்கெனவே கூடிப் போச்சு. ரேஷன் கடை அரிசி, மில்லு மிஷினு எல்லாம் அந்தப் பணத்துலதான் வரணும். அதுலயே தங்கத்தையும் அள்ளுனா பள்ளம் இன்னும் ஆழமாத்தானே போவும்? மிஷினாவது நூலு தரும். தங்கம் பெட்டியில தூங்கும்."

"வரி போட்டுட்டு உள்ள விட வேண்டியதுதானே!" என்றார் கைலாசம்.

"போனவருஷம் போட்டுப் பாத்தாங்க. விலை ஏறுச்சு, ஆனாலும் வாங்குனோம். அதான் கதவையே அடைச்சுட்டாங்க. கதவை அடைச்சா பின்சுவர் ஏறி வாரவனும் உண்டு. அதையும் மறைக்கலே."

சுந்தரபாண்டியனுக்கு முகம் சுட்டது. கடற்கரைத் தரகன் ஒருவன் கள்ளத்தங்கம் தருவதாக முந்தின வாரந்தான் அவனிடம் வந்திருந்தான். இவனும் வேண்டாமென்று சொல்லியிருக்கவில்லை.

"அப்போ கல்யாணத்துக்கு என்ன செய்யணும்ங்கியரு அண்ணாச்சி?" என்று கேட்டான்.

"ஊருக்குள்ள கிடக்கிற பழைய நகையை உருக்குவோம். நான் கூலியைப் பாதியாக் குறைக்கேன்."

யாரும் கை தட்டவில்லை. மனு அவர் கையெழுத்தில்லாமலே டில்லிக்குப் போயிற்று. தடையும் நீங்கவில்லை. மறுநாள் தரகன் வந்தபோது, "வேண்டாம், போயிரும்" என்று சுந்தரபாண்டியன் சொல்லிவிட்டான். புதுத்தங்கம் இல்லாததால் இரண்டு பெரிய ஆர்டர்கள் கைவிட்டுப் போயின. அவன் மனைவி மாடத்தி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆவணியில் கிதிர் முகம்மதின் கடைமுன் கடையத்திலிருந்தும் வீரகேரளம்புதூரிலிருந்தும் ஆட்கள் வந்து நின்றார்கள். உடைந்த பாம்படம், நெளிந்த வளையல், ஒற்றைத் தோடு என்று முந்தானையில் முடிந்து கொண்டுவந்தார்கள். பாதிக் கூலியில் அவருக்கு அந்த வருஷம் நஷ்டந்தான். முகத்தில் அது தெரியவில்லை.

அவர் ஆட்களுக்கு வேலை தாங்கவில்லை என்று கண்டு, சுந்தரபாண்டியன் தன் பட்டறை ஆசாரிகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போனான்.

"எனக்கும் பாதிக் கூலிதான், அண்ணாச்சி."

கிதிர் முகம்மது சிரித்துக்கொண்டே நகர்ந்து அவனுக்கு இடம் விட்டார். இவரைப்போல நஷ்டப்படவும் ஒரு நெஞ்சுரம் வேண்டும் என்று நினைத்துக்கொண்டே சுந்தரபாண்டியன் உலைக்கு முன் உட்கார்ந்தான்.