கால்தட்டு போட்ட தாளம்

வெண்கலம் என்று ஊரே கூப்பிடும் அந்தக் கால்பந்து வர்ணனையாளர் ரேடியோவில் ‘கோல்’ என்று இழுத்தால், மைதானத்தைச் சுற்றியுள்ள மூன்று தெருக்களில் ஜன்னல் கண்ணாடி மாற்றுகிறவர்களுக்கு வேலை கிடைக்கும் என்பார்கள். இது மிகை. இரண்டு தெருதான். அவர் மனைவியே சொன்னது. அந்த அம்மாள் அரசு ஆஸ்பத்திரி நரம்பியல் வார்டில் நர்ஸ்; ஊருக்கே சிஸ்டர். காய்ச்சல் நூற்றொன்று என்றால் நூற்றொன்று என்றுதான் எழுதுவார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் விளக்குக் கம்பத்தில் ஏறி நின்று வர்ணித்துக்கொண்டிருந்தபோது, பந்து எங்கே விழப்போகிறது என்று எட்டிப் பார்த்தார் வெண்கலம். பந்துக்கு முன்னால் அவர் விழுந்தார். முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே கால்கள் அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டன. தாங்களாகப் பேசுவதை மட்டும் நிறுத்தவில்லை. நினைத்தால் விறைத்துக் கட்டையாகும், நினைத்தால் துடிக்கும். துடித்தால் சக்கர நாற்காலியின் கால்தட்டு ‘டக்டக்டக்’ என்று தையல் மிஷின் போல ஓடும். அந்தச் சத்தத்தில் முதல் வருஷம் முழுக்க சிஸ்டர் தூங்கவில்லை.

பிறகு மாத்திரைகள் வந்தன. தசை இறுக்கத்துக்கு பாக்லோஃபென் இரண்டு, டிசானிடின் இரண்டு. இப்படி மூன்று வேளை. கால்கள் அடங்கின. கால்தட்டு வாய் மூடியது. ஆனால் இரண்டுமே தூக்கம் கொடுக்கிற மாத்திரைகள். கால் தூங்கியது போதாதென்று ஆளையும் தூங்க வைத்தன. கல்யாண வீட்டில் தட்டு வைத்துச் சோறு வருவதற்குள் ஒரு தூக்கம் போட்டுவிடுவார்.

அரையிறுதி ஆட்டத்தில் அது ஊருக்கே தெரிந்துபோனது. எழுபதாவது நிமிஷம். பந்து வலைக்குள் போகிறது. ரேடியோவில் கோலுக்குப் பதிலாகக் குறட்டை. நாற்பது விநாடி. கடைசியில் ஒலிப்பதிவாளர் பென்சிலால் விலாவில் குத்தி எழுப்பினார். அந்த ஒலிப்பதிவாளருக்குப் பெயர் மௌனம். வர்ணனைக் கூண்டுக்குள் சிவப்பு விளக்கு எரிந்தால் வர்ணனையாளரைத் தவிர யாரும் பேசக் கூடாது என்பது விதி. மௌனம் அந்த விதியைப் பதினோரு வருஷமாகக் கடைப்பிடித்துப் பழகி, வெளியிலும் பேசுவதை ஏறக்குறைய விட்டுவிட்டார்.

“இறுதி ஆட்டத்துக்கு நீங்கதான்” என்றார் நிலைய மேலாளர். “ஆனா இன்னொரு குறட்டை கேட்டுச்சு, அடுத்த வருஷம் அந்த நாற்காலி என் மச்சானுக்கு.”

மச்சானுடைய குரல் தண்ணீர் வற்றிய குக்கர் மாதிரி இருக்கும். வெண்கலம் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

இதெல்லாம் சிஸ்டருக்குத் தெரியும். தெரியாதது ஒன்றுதான்.

இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மாலை. வார்டில் ஆள் குறைவு என்பதால் வெள்ளி மாலையிலிருந்து சிஸ்டருக்கு இரட்டை ஷிஃப்ட். சனிக்கிழமை கொஞ்ச நேரம் வீட்டுக்குப் போனபோது மாத்திரை டப்பாவின் கட்டங்கள் ஒழுங்காகக் காலியாகியிருந்தன. மனுஷனும் பளிச்சென்று இருந்தார். பகலில் கண்ணை மூடவே இல்லை. கழுத்தைச் சொறிந்துகொண்டார். ஞாயிறு காலையில் போன் செய்தபோது ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று பெருமையாகச் சொன்னார்.

“எக்ஸைட்மெண்டும்மா. கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி மாதிரி.”

“அன்னைக்கு நீங்க குறட்டை விட்டீங்கன்னு உங்க அக்கா சொன்னாங்க” என்றார் சிஸ்டர். அதோடு விட்டுவிட்டார்.

மாலையில் வார்டு ஜன்னலில் ரேடியோ. பன்னிரண்டு கட்டிலும் காது. அன்றைக்கு வெண்கலம் வெண்கலமாக இல்லை, எரிமலையாக இருந்தார். மூச்சு விடாமல் பேசினார். பந்து முன்னால் ஓடியது, வார்த்தை அதையும் முந்தி ஓடியது.

“கோல் கம்பத்துக்குப் பக்கத்துல ஒரு ஆடு மேயுது நேயர்களே! வெள்ளாடு! கோல்கீப்பர் அதைத் துரத்தாம பந்தைப் பாக்குறார், என்ன கடமை உணர்ச்சி!”

வார்டு குலுங்கிச் சிரித்தது. ஐந்தாம் கட்டில் பெரியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “இன்னைக்கு உங்க வீட்டுக்காரர் பிரமாதம் சிஸ்டர். ஆடு விடுறார்.”

சிஸ்டரும் சிரித்தார். பத்து சொன்னால் எட்டைக் கழித்துக்கொள்ள வேண்டிய மனுஷன். ஆடு சொன்னால் ஆட்டையும் கழிக்க வேண்டியதுதான். அப்படித்தான் ஊரே கழித்துக்கொண்டிருந்தது.

இரண்டாம் பாதியில் அவர் ஒரு நொடி மூச்சு வாங்கினார். அந்த நொடியில் கேட்டது.

டக்டக்டக்டக்டக்.

சிஸ்டர் கையிலிருந்த ட்ரேயைக் கீழே வைத்தார். அது மைதானத்துச் சத்தம் இல்லை. ஐந்து வருஷமாகக் கேட்காத சத்தம்.

“காத்து கிளம்பிடுச்சு நேயர்களே, மைக்குக்குப் பஞ்சுத் தொப்பி மாத்துறேன்” என்றார் வெண்கலம். அடுத்த நொடி ரேடியோவில் மேஜைமேல் பொலபொலவென்று ஏதோ கொட்டியது. “ஆஹா, ஆலங்கட்டி மழை!”

ஜன்னலுக்கு வெளியே மேகமே இல்லாத வானம்.

சிஸ்டர் போனை எடுத்து மௌனத்தை அழைத்தார். மணி அடித்தது, எடுத்தார், பேசவில்லை. எடுத்ததே பெரிது.

“தம்பி, அண்ணி பேசறேன். நீ வாயைத் திறக்க வேண்டாம். ஆமான்னா ரேடியோ சத்தத்தை ஒரு தடவை குறைச்சு ஏத்து. இல்லைன்னா ரெண்டு தடவை. புரிஞ்சுதா?”

ரேடியோவில் வெண்கலத்தின் குரல் கிணற்றுக்குள் ஒரு முறை இறங்கி ஏறியது.

“உடம்பைச் சொறியறாரா?”

ஒரு முறை.

“நெத்தியைத் தொட்டுப் பாரு. சுடுதா?”

ஒரு முறை.

“கொட்டினது மாத்திரையா?”

ஒரு முறை. ரொம்ப ஆழமாக இறங்கியது.

“எத்தனைன்னு எண்ணு.”

நேயர்கள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி வியக்கிற காரியம் அப்போதுதான் நடந்தது. குரல் இருபத்திநாலு தடவை இறங்கி ஏறியது. ஊரில் இருந்த ரேடியோ அத்தனையும் அன்று அடி வாங்கியது. ஐந்தாம் கட்டில் பெரியவர் வார்டு ரேடியோவையும் இரண்டு தட்டு தட்டினார்.

வேளைக்கு நாலு. இருபத்திநாலு என்றால் ஆறு வேளை. வெள்ளி ராத்திரியிலிருந்து ஒன்றுமே போடவில்லை. வேளைக்கு வேளை டப்பாவிலிருந்து எடுத்து உதிரி மைக்தொப்பியின் பஞ்சுக்குள் ஒளித்திருக்கிறார். எச்சில் பட்டால் கரையும் என்று வாய்க்குள்கூட வைக்கவில்லை. அந்தத் தொப்பியை எடுத்து மாட்டும்போது அதை மறந்தும் விட்டார். சிஸ்டருக்கு முதலில் கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னாலேயே பயம் வந்து, கோபத்தை உட்காரவிடவில்லை.

டாக்டரம்மா ரவுண்ட்ஸில் இருந்தார். சிஸ்டர் நாலு வரியில் சொன்னார். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

“ரெண்டையும் ஒரே நாள்ல நிறுத்தியிருக்கார். அந்த ஆடு கதை இல்லம்மா, அவர் நிஜமாவே பாக்கறார். இது இன்னும் ஏறும். வலிப்பு வரலாம். உடனே கொண்டு வரச் சொல்லுங்க.”

“அங்கேயே இருக்கே மாத்திரை, குடுக்கச் சொல்லட்டுமா?”

“ரெண்டும் வெள்ளை, ரெண்டும் வட்டம். மௌனத்துக்கு எது எதுன்னு தெரியுமா? வேண்டாம். வரட்டும்.”

மைதானத்தில் ஆம்புலன்ஸ் இருந்தது, விளையாட்டு வீரர்களுக்காக. சிஸ்டர் போனில் சொன்னார். “தம்பி, ஆம்புலன்ஸைக் கூப்பிடு. அண்ணனை ஏத்து. மைக்கை நீ வாங்கிக்கோ.”

குரல் இரண்டு முறை இறங்கியது. இல்லை.

“ரெண்டு டீமும் ஒண்ணுக்கு ஒண்ணுன்னு நிக்கிற நேரம்னு எனக்கும் தெரியுது. உங்க அண்ணனுக்கு வலிப்பு வரப்போகுதுடா.”

ரேடியோவில் கைகலப்பு போல ஏதோ கேட்டது. “விடுடா, கடைசி அஞ்சு நிமிஷம்” என்று வெண்கலம். கால்தட்டு டக்டக்டக். பிறகு பதினோரு வருஷமாக எண்ணெய் காணாத கதவு ஒன்று திறந்தது.

“நேயர்களே.”

வார்டே திரும்பிப் பார்த்தது.

“அண்ணனுக்கு உடம்பு சரியில்லை. நான் இருக்கேன். பந்து... இடது பக்கம்.”

ஒன்பது நிமிஷத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. அதற்குள்ளும் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டம் பெனால்டிக்குப் போயிருந்தது. ஸ்ட்ரெச்சரில் வெண்கலத்தின் கால்கள் இரும்புக் கடப்பாரை போல நீட்டியிருந்தன. உடம்பு நெருப்பு. நாடி நூற்று நாற்பது, ரத்த அழுத்தம் நூற்றுத் தொண்ணூறு.

“என்னம்மா, ஆட்டை உள்ள விட்டுட்டாங்க” என்றார் மனைவியைப் பார்த்து.

“நான் பாத்துக்கறேங்க.”

“கோல் என்ன?”

பதில் சொல்வதற்குள் அவர் கண் மேலே செருகியது. தோளும் கையும் வெட்டி வெட்டி இழுத்தன. சிஸ்டர் அவரைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். ஆயிரம் பேருக்குச் செய்த வேலை. டாக்டரம்மா நரம்பில் ஊசி போட்டார். ஒரு நிமிஷம் பத்து விநாடி. அதற்குமேல் அது நீளவில்லை.

ரேடியோவில் மௌனம் பெனால்டி வர்ணித்துக்கொண்டிருந்தார்.

“உள்ள.”

“வெளிய.”

“உள்ள.”

“கம்பி.”

வெண்கலம் நன்றாக விழித்ததும், தண்ணீர் விழுங்க முடிகிறதா என்று பார்த்த பிறகுதான் பாக்லோஃபென் பழைய அளவில் உள்ளே போனது. டிசானிடின், அழுத்தத்தைப் பார்த்துப் பார்த்து, சின்ன அளவில் மறுபடி ஆரம்பித்தது. கால்கள் மெதுவாக மடங்கின. ஆடு மறுநாள் மதியம்தான் வார்டை விட்டுப் போனது.

“தூக்கம் வருதுன்னு சொல்லியிருக்கலாமே” என்றார் டாக்டரம்மா மூன்றாம் நாள். “வேளையை மாத்தலாம். அளவைக் குறைக்கலாம். ஆனா வாரக்கணக்குல, கொஞ்சம் கொஞ்சமா. உடம்பு இந்த மாத்திரையோட குடித்தனம் பண்ணப் பழகிடுச்சு. திடீர்னு வெளிய தள்ளினா வீட்டையே கொளுத்தும்.”

“சொன்னா மாத்திரையைக் கூட்டிடுவீங்களோன்னு பயம் டாக்டர்.”

“தூங்கறவருக்குத் தூக்க மாத்திரையைக் கூட்டற டாக்டரை நீங்க எங்க பாத்தீங்க?”

வெண்கலம் யோசித்தார். எங்கேயும் பார்க்கவில்லை. ஆனால் பார்த்ததாக ஒரு கதை சொல்ல வாயெடுத்தார்; சிஸ்டர் முறைத்தார்; வாய் மூடிக்கொண்டது.

மேலாளர் ஆப்பிளோடு வந்தார். மச்சானைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ‘அந்த ஆடு யாருடையது’ என்று கேட்டு நிலையத்துக்கு நூற்றுக்கணக்கில் கடிதம் வந்திருக்கிறதாம். இரண்டு பேர் ஆடு தங்களுடையது என்று உரிமை கோரியிருந்தார்கள்.

“நாற்காலி உங்களோடதுதான். ஒரு நிபந்தனை. பெனால்டி வந்தா மௌனம் பேசணும். ஜனங்க கேக்கறாங்க.”

மூலையில் நின்ற மௌனம், ஸ்விட்ச் போர்டில் கை வைத்து வார்டு விளக்கை இரண்டு தடவை அணைத்து ஏற்றினார்.

நாலு மாதம் படிப்படியாகக் குறைத்ததில் பகல் நேர டிசானிடின் கரைந்துபோய், ராத்திரி வேளை மட்டும் மிஞ்சியது. பாக்லோஃபென் ஒரு படி இறங்கி, கால்கள் முறைக்க ஆரம்பித்த இடத்தில் நின்றுகொண்டது. அடுத்த வருஷத்து முதல் ஆட்டம். வார்டு ஜன்னலில் ரேடியோ. தொண்ணூறு நிமிஷமும் விழித்திருப்பாரா என்று ஐந்தாம் கட்டிலின் புது ஆள் பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்.

இடைவேளை விசில். சிஸ்டர் கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

“ஒரு நிமிஷம் நேயர்களே, ஒரு சின்ன வேலை இருக்கு” என்றது வெண்கலக் குரல். மடக்கென்று தண்ணீர் விழுங்கும் சத்தம். பிறகு ரேடியோ ஒரு முறை, ஒரே ஒரு முறை, இறங்கி ஏறியது.

புது ஆள் ரேடியோவைத் தட்டக் கை ஓங்கினார்.

“தட்டாதீங்க” என்றார் சிஸ்டர். “நல்லாத்தான் இருக்கு.”